சாவி அடையாளம் தெரிகிறது, பக்கம் திறக்கவில்லை: சொந்த வயர்கார்டு சர்வர் பற்றிக் கேள்வி பதில்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள் சேர்க்கப்பட்டபின், ஒரு ஜிபி நினைவகமுள்ள சிறிய கிளவுட் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து எனக்கென ஒரு வி.பி.என். அமைத்துக்கொண்டேன். நிறுவுவது பத்து நிமிட வேலை. அது ஓடாதபோது எங்கே பார்ப்பது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரி மாணவர், சேலம்: அக்கா, வழிகாட்டியில் இருந்தபடியே எல்லாம் செய்தேன். ஃபோனில் சுவிட்சைப் போட்டதும் மேலே சாவி அடையாளம் வருகிறது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இணைப்புதான் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன கோளாறு?

தம்பி, இணைப்பு கிடைத்துவிட்டதா என்பதே இன்னும் தெரியாது. அந்தச் சாவி, ஃபோன் தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. எதிர்முனையில் சர்வரே இல்லாவிட்டாலும் அது வரும். வயர்கார்டு தனக்குத் தெரியாத சாவியோடு வருபவருக்கு மறுப்புக்கூடச் சொல்லாது, மௌனமாக இருந்துவிடும். அதனால் பிழைச் செய்தியை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. சர்வரில் `sudo wg show` என்று கொடுத்து, இரு முனைகளும் கடைசியாக எப்போது கைகுலுக்கின என்று சொல்லும் `latest handshake` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வரியே இல்லையென்றால் ஃபோன் அனுப்பும் தரவுப் பொட்டலம் சர்வரை எட்டவில்லை, அல்லது சாவிகள் பொருந்தவில்லை. முதலில் கிளவுட் நிறுவனத்தின் இணையப் பலகையில் உள்ள ஃபயர்வாலைப் பாருங்கள். 51820 போர்ட்டைத் திறந்தேன் என்பவர்களில் பலர் டி.சி.பி.க்குத் திறந்திருப்பார்கள். வயர்கார்டுக்கு வேண்டியது யு.டி.பி. மட்டுமே. பிறகு `sudo tcpdump -ni any udp port 51820` என்று ஓடவிட்டு, ஃபோனில் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். திரையில் வரி எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் வெளி ஃபயர்வால்தான் தடுக்கிறது. வரிகள் வந்தும் கைகுலுக்கல் நடக்கவில்லையென்றால், சர்வரின் உள் ஃபயர்வாலையும், பொதுச்சாவிகளை இரு பக்கமும் மாற்றி ஒட்டிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்.

அதே மாணவர்: அந்த வரி இருக்கிறது அக்கா. கீழே ஒட்டியிருக்கிறேன்.

```
latest handshake: 14 seconds ago
transfer: 38.21 KiB received, 1.94 KiB sent
```

இரண்டாவது வரிதான் துப்பு. உங்கள் ஃபோன் 38 கிலோபைட் அளவுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சர்வர் திருப்பி அனுப்பியது ஏறக்குறைய கைகுலுக்கலுக்கு மட்டும். சுரங்கம் சரி, சர்வரிலிருந்து இணையத்துக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஃபோனிலிருந்து சர்வரின் சுரங்க முகவரியான 10.66.0.1-ஐ பிங் செய்து பாருங்கள், பதில் வரும். அதற்கு அப்பால் போவது எதற்கும் பதில் வராது.

இனி இரண்டு இடங்களைப் பாருங்கள். `sysctl net.ipv4.ip_forward` என்று கொடுத்தால் 1 வரவேண்டும். 0 வந்தால், பிறர் பொட்டலத்தைக் கடத்த லினக்ஸ் மறுக்கிறது என்று பொருள். 1 வந்தால் `ip route show default` கொடுத்து, `dev` என்ற சொல்லுக்கு அடுத்து வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அமைவுக் கோப்பில் இருக்கும் பெயரும் அதுவேதானா?

அதே மாணவர்: கோப்பில் eth0 என்று இருக்கிறது. இங்கே ens3 என்று வருகிறது!

அகப்பட்டுவிட்டது. வழிகாட்டியை எழுதியவரின் இயந்திரத்தில் eth0 இருந்திருக்கும். இல்லாத பெயரைக் கொடுத்தாலும் iptables முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். விளைவாக, முகவரியை மாற்றித் தரும் விதி வேலை செய்யாமல், உங்கள் பொட்டலங்கள் 10.66.0.2 என்ற உள்முகவரியோடேயே வெளியே போகின்றன. அந்த முகவரிக்கு இணையத்திலிருந்து எதுவும் திரும்பி வர முடியாது. முதலில் `wg-quick down wg0` கொடுத்துவிட்டு, கோப்பில் இப்படி மாற்றி, பிறகு `wg-quick up wg0` கொடுங்கள்.

```
PostUp = iptables -t nat -A POSTROUTING -o ens3 -j MASQUERADE
PostDown = iptables -t nat -D POSTROUTING -o ens3 -j MASQUERADE
```

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். `ip_forward`-ஐக் கட்டளையில் மட்டும் போட்டிருந்தால், இயந்திரம் மறுபடி தொடங்கும்போது பழைய நிலைக்குப் போய்விடும். `/etc/sysctl.d/` அடைவில் ஒரு கோப்பாக எழுதிவையுங்கள்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், திருநெல்வேலி: அம்மா, எனக்கு இணையத்தில் உலாவ எதுவும் வேண்டாம். மகள் வீட்டுக்குப் போகும்போது இங்கே என் வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டேன், வெளியிலிருந்து எட்டவில்லை. இது வேறு விஷயமா?

வேறு விஷயந்தான் ஐயா. ஆனால் வயர்கார்டு மிக நன்றாக உதவும் இடமே இதுதான். உங்கள் ரவுட்டரில் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அது உங்களுக்கே உரிய முகவரி அல்ல. உங்கள் இணைய நிறுவனம் ஒரு பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது. அப்போது நீங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவர் உங்கள் வாசலுக்கே வர முடியாது.

அதனால் வீட்டிலிருந்து வெளியே போகும் வழியைப் பயன்படுத்துவோம். வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பையோ பழைய கணினியோ எப்போதும் ஓடட்டும். அது கிளவுட் சர்வரோடு தானே இணையும். அதன் கோப்பில் `PersistentKeepalive = 25` என்று எழுதுங்கள். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் போய்க்கொண்டிருந்தால்தான் நிறுவனத்தின் பக்கம் உங்களுக்கான வழி மூடாமல் இருக்கும். சர்வரில் வீட்டுக் கணினிக்கான பகுதியில் `AllowedIPs = 10.66.0.3/32, 192.168.1.0/24` என்று கொடுங்கள். ஃபோனிலும் 10.66.0.0/24, 192.168.1.0/24 ஆகிய இரண்டை மட்டும் கொடுத்தால் போதும். மற்ற இணையப் பயன்பாடு வழக்கம்போல நேராகவே போகும். சர்வரிலும் வீட்டுக் கணினியிலும் `ip_forward` 1 ஆக இருக்கவேண்டும். வீட்டுக் கணினியில் மேலே சொன்ன MASQUERADE வரியும், அதன் சொந்த வலையிடைமுகப் பெயரோடு, வேண்டும். இல்லாவிட்டால் கேமரா தன் பதிலை ரவுட்டரிடம் கொடுத்துத் தொலைத்துவிடும்.

மகள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்றே தொடங்கினால் ஃபோன் குழம்பும். உங்கள் வீட்டு ரவுட்டரை 192.168.77 போல யாரும் வைக்காத எண்ணுக்கு முன்பே மாற்றிவிட்டு, மேலே சொன்ன 192.168.1.0/24-ஐயும் அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள்.

கணக்காளர், திருச்சி: வயர்கார்டு பதிவேடு எதுவும் வைப்பதில்லை. சர்வரும் நம்முடையது. ஆக, காசு கொடுத்து வாங்கும் வி.பி.என்.களைவிட இதில் நம்மை யாரும் அடையாளம் காண முடியாது, சரிதானே?

முதல் இரண்டும் சரி, முடிவு தலைகீழ். வயர்கார்டு பதிவேடு எழுதுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சர்வரின் முகவரியைப் பயன்படுத்துபவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். வணிக வி.பி.என்.னில் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கும். இங்கே நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். வாடகை உங்கள் அட்டையில்தான் கழிகிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான CERT-In 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, கிளவுட், மெய்நிகர் சர்வர், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயரையும் ஒதுக்கிய முகவரிகளையும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்கிறது.

இந்தச் சுரங்கம் உங்களிடமிருந்து சர்வர் வரைதான். ரயில் நிலைய வைஃபையை நடத்துபவர் அதற்குள் போவது எதையும் பார்க்க முடியாது. அந்தப் பயன் முழுமையானது. சர்வரைத் தாண்டியதும் பழைய சாலைதான். சில திரைப்படத் தளங்கள் தரவு மைய முகவரி என்று கண்டுகொண்டு தடுக்கும், சில வங்கிகள் மறுபடி மறுபடி சரிபார்க்கும். அதற்கு அமைவுக் கோப்பில் மருந்து கிடையாது.

மென்பொருள் ஊழியர், பெங்களூரு: லினக்ஸ் மடிக்கணினியை ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் போட்டிருக்கிறேன். `AllowedIPs = 0.0.0.0/0` கொடுத்தும், முகவரி காட்டும் தளத்தில் என் மொபைல் நிறுவனத்தின் பெயரே வருகிறது. வயர்கார்டு ஓட்டையா?

அந்தத் தளம் காட்டும் முகவரியில் முக்காற்புள்ளிகள் இருக்கின்றனவா? அப்படியானால் அது ஐபிவி6. நீங்கள் எழுதியது ஐபிவி4 முழுவதையும் சுரங்கத்துக்குள் அனுப்பு என்பதை மட்டும். இந்திய மொபைல் வலையமைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது, உலாவியும் அதைத்தான் முதலில் எடுக்கும். `::/0` என்பதையும் சேர்த்து, `Address` வரியில் `fd66::2/64` போன்ற ஓர் உள்முகவரியும் கொடுங்கள். உங்கள் சர்வரில் ஐபிவி6 இல்லாவிட்டால் அந்தப் போக்குவரத்து வெளியே கசியாமல் சர்வரிலேயே நின்றுவிடும். உலாவி ஐபிவி4-க்குத் திரும்பிவிடும்.

கட்டுமான நிறுவன ஊழியர், ஷார்ஜா: ஊருக்கு வீடியோ அழைப்பு பேச வேண்டும். போர்ட்டை 443 என்று மாற்றினால் இங்கே கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

நண்பர் சொல்வது சில ஓட்டல், அலுவலக வைஃபைகளுக்குப் பொருந்தும். அங்கே போர்ட் எண்ணை மட்டும் பார்த்துத் தடுப்பார்கள். நாட்டு அளவில் தடுப்பவர்கள் பொட்டலத்தின் உருவத்தையே பார்ப்பார்கள். வயர்கார்டின் முதல் கைகுலுக்கல் பொட்டலம் எப்போதும் 148 பைட். முதல் பைட் எப்போதும் 1. எந்தப் போர்ட்டில் போனாலும் அதே முகந்தான். தன்னை மறைத்துக்கொள்வது வயர்கார்டின் நோக்கமே அல்ல.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வேறு முகவரியைப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை போகும். உங்கள் அழைப்பு அதில் அடங்குமா என்பதை அங்குள்ள வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். உங்கள் வேலையும் விசாவும் இதில் இருக்கின்றன. நான் இதற்கு வழி சொல்லித் தரமாட்டேன். அங்கே அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகளைக் கேட்டுப் பாருங்கள்.

வலையமைப்புப் பொறியாளர், கோவை: ஒன்றைச் சேர்க்கிறேன் மேடம். பிங் வரும், சிறிய பக்கம் திறக்கும், பெரிய பக்கம் பாதியில் நிற்கும் என்றால் எல்லாரும் டி.என்.எஸ்.ஸைக் குறை சொல்கிறார்கள். ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பான எம்.டி.யு.தான் காரணம். நான் எல்லோருக்கும் 1280 என்று போட்டுவிடுவேன்.

நோய் சரி, மருந்தின் அளவில்தான் எனக்கு உடன்பாடில்லை. வயர்கார்டின் வழக்கமான 1420, வழி நெடுக 1500 கிடைக்கும் என்ற கணக்கில் வருவது. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் 1492 ஆக இருக்கலாம், மொபைலில் இன்னும் குறையலாம். சுரங்கம் ஓடும்போது `ping -M do -s 1392 8.8.8.8` போகாமல், 1392-க்குப் பதில் 1352 கொடுத்தால் போகிறது என்றால் கோப்பில் `MTU = 1380` போதும். 1280 எல்லா இடத்திலும் ஓடும்தான். ஆனால் எங்கே அடைபடுகிறது என்று பார்க்காமலேயே விட்டுவிடுகிறோம்.

கோவைப் பொறியாளர்: நள்ளிரவில் வாடிக்கையாளர் அழைத்தால் நீங்களும் 1280 போடுவீர்கள்.

நள்ளிரவில் போடுவேன். காலையில் அளந்து பார்ப்பேன்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: என் ஃபோனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதே கியூஆர் குறியீட்டைக் கணவர் ஃபோனிலும் ஸ்கேன் செய்தேன். இப்போது இருவருக்கும் விட்டு விட்டு வருகிறது.

ஒரே சாவியை இருவரிடம் கொடுத்துவிட்டீர்கள். சர்வருக்கு உங்கள் இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடைசியாக எங்கிருந்து பொட்டலம் வந்ததோ அங்கேதான் பதிலை அனுப்பும். நீங்கள் ஒரு பக்கம் திறக்கும் நொடியில் கணவரின் ஃபோன் ஏதாவது அனுப்பினால், உங்களுக்கு வரவேண்டியது அவருக்குப் போய்விடும். இருவரும் ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால், `wg show` தரும் `endpoint` வரியில் போர்ட் எண் இங்கும் அங்கும் தாவுவதைப் பார்க்கலாம். கணவரின் ஃபோனுக்குத் தனிச் சாவியும் 10.66.0.4 என்ற தனி முகவரியும் கொடுத்து, சர்வர் கோப்பில் இன்னொரு `[Peer]` பகுதி எழுதுங்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய அமைவை அவர் ஃபோனிலிருந்து நீக்கிவிடுங்கள்.