800 டாலர் வேலை, 683.40 வரவு: ஃப்ரீலான்சர் பேஅவுட் கேள்வி பதில்

மொழிபெயர்ப்பாளர்: 800 டாலருக்கு ஒரு வேலை முடித்தேன். தளத்தின் கட்டணம் 10 சதவீதம். 720 வர வேண்டும். என் டாலர் கணக்கில் 683.40தான் வந்திருக்கிறது. மீதியை யார் எடுத்தார்கள்? தளத்தின் ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று பேர் எடுத்திருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தால் தெரிகிறது.

முதல் வரி விற்பனை, 800. அடுத்த வரி கட்டணம், 80. இதுவரை நீங்கள் போட்ட கணக்குதான், 720. அதற்குக் கீழே நான்கு நாள் கழித்து ஒரு வரி இருக்கிறது, "பகுதித் திருப்பம், கழிவு 20". அது இந்த வேலைக்கானது இல்லை. போன மாதம் 150 டாலருக்கு ஒரு வேலை செய்திருக்கிறீர்கள், அந்த வாடிக்கையாளருக்கு 20 டாலரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது நினைவிருக்கிறதா? அதைத்தான் இப்போது இருப்பிலிருந்து கழித்திருக்கிறார்கள். இதில் ஒரு சின்ன இழப்பு ஒளிந்திருக்கிறது. அந்த 20 டாலர் முதலில் வந்தபோது 2 டாலர் கட்டணம் போக உங்களுக்குக் கிடைத்தது 18. இப்போது போனது முழு 20. கட்டணத்தையும் திருப்பித் தரும் தளம் என்றால் பக்கத்திலேயே 2 டாலர் வரவு வரி இருக்கும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இல்லை.

இப்போது இருப்பு 700. பணம் எடுக்கும் கட்டணம் 1.60. ஆக, தளம் அனுப்பியது 698.40. "அனுப்பப்பட்டது" என்ற வரியிலும் அதே எண்தான் இருக்கிறது.

வங்கியில் வந்தது 683.40. வித்தியாசம் 15.00, ஒரு சென்ட் கூடக் குறைய இல்லை. இப்படி முழு எண்ணாகக் குறைந்தால் என் சந்தேகம் முதலில் இடைநிலை வங்கி மேல்தான் போகும். இரண்டு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபோது நடுவில் ஒரு வங்கி பணத்தைக் கடத்திவிட்டு, தன் கூலியை அதிலேயே எடுத்துக்கொள்ளும். உங்கள் வங்கியே உள்வரவுக் கட்டணமாக எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தளத்திடம் அந்தப் பணப்பரிமாற்றத்தின் `UETR` எண்ணைக் கேளுங்கள். ஸ்விஃப்ட் வழியாகப் போன பணம் என்றால் அந்த எண் இருக்கும், கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து. அதை உங்கள் வங்கியில் கொடுத்தால் பணம் எந்தெந்த வங்கி வழியாக வந்தது, எங்கே குறைந்தது என்று தேடிச் சொல்வார்கள். கட்டணக் குறியீட்டில் `SHA` என்று இருந்தால் கூலியை இரு தரப்பும் பகிர்கிறார்கள் என்று பொருள், வழியில் எடுப்பது விதிப்படிதான். `OUR` என்றால் கூலி முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு, அப்படி இருந்தும் குறைந்தால் கேள்வி கேட்கலாம்.

"அனுப்பப்பட்டது" என்ற எண்ணுக்கு மேலே ஏதாவது குறைந்தால் தளத்தோடு பேசுங்கள், கீழே குறைந்தால் வங்கியோடு. இது தெரியாமல் தளத்தின் உதவிப் பிரிவோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியவன் நான்.

வாய்ஸ் ஓவர் செய்பவர்: எனக்கும் இதே கதைதான், இடைநிலை வங்கி கொள்ளை அடிக்கிறது. என் கணக்கு உள்ளூர் நாணயக் கணக்கு. 600 டாலர் எடுத்தால் ஒரு தொகை குறைகிறது, 1200 எடுத்தால் அதுபோல இரண்டு மடங்கு குறைகிறது.

இது அதே கதை இல்லை. இடைநிலை வங்கியின் கூலி பெரும்பாலும் ஒரே தொகைதான், 600 போனாலும் 1200 போனாலும். பணம் இரட்டிப்பானதும் இழப்பும் இரட்டிப்பாகிறது என்றால் அது மாற்று விகிதத்தில் போகிறது.

வங்கியில் வரவான தொகையைத் தளம் மாற்றிய டாலரால் வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைத்த விகிதம். அதே நாள், முடிந்தால் அதே மணிநேரத்தின் சந்தை நடுவிலையோடு, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் விலையோடு, ஒப்பிடுங்கள். நடுவிலை 100 ஆக இருக்கும்போது உங்களுக்கு 97 கிடைத்திருந்தால் 3 சதவீதம் போயிருக்கிறது. 600 டாலரில் 18, 1200 டாலரில் 36. "மாற்றுக் கட்டணம் இல்லை" என்று தளம் எழுதியிருப்பது பொய் இல்லை, தனி வரியாகக் கட்டணம் இல்லைதான். விகிதத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

டாலராகவே அனுப்பச் சொல்லி உங்கள் வங்கியில் மாற்றினால் லாபமா என்று அடுத்து கேட்பீர்கள். சில சமயம் லாபம், சில சமயம் இல்லை. வங்கியும் தன் பங்கை விகிதத்தில் வைக்கும், அதோடு இடைநிலை வங்கியின் கூலியும் வந்து சேரலாம். சின்னத் தொகையை அடிக்கடி எடுப்பவருக்கு அந்த நிலையான கூலி வலிக்கும். ஒரு முறை அப்படி, ஒரு முறை இப்படி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லோகோ டிசைனர்: நான் ஃபைவரில் இருக்கிறேன். வேலையை ஒப்படைத்துச் சரியாக 14 நாள் ஆகிவிட்டது. இன்னும் பணம் எடுக்க முடியவில்லை. அக்கவுன்ட்டை முடக்கிவிட்டார்களா?

முடக்கியிருந்தால் அப்படியே சொல்லியிருப்பார்கள். நீங்கள் எண்ண ஆரம்பித்த நாள்தான் தவறு. அந்த 14 நாள் ஒப்படைத்த நாளிலிருந்து ஓடாது, ஆர்டர் "முடிந்தது" என்று மாறிய நாளிலிருந்துதான் ஓடும். வாடிக்கையாளர் உடனே ஏற்றுக்கொண்டால் அன்றே தொடங்கும். அவர் பேசாமல் இருந்தால் ஒப்படைத்து 3 நாள் கழித்துத் தானாக முடிந்ததாகும், அப்புறம்தான் 14. ஆக உங்கள் கணக்கு 17 நாள். நடுவில் அவர் திருத்தம் கேட்டிருந்தால், மறுபடி ஒப்படைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அப்வொர்க்கில் நிலையான விலை வேலைகளுக்கும் இந்தக் கதைதான். 5 நாள் நிறுத்தி வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அது வாடிக்கையாளர் மைல்ஸ்டோனுக்கு ஒப்புதல் தந்த பிறகுதான் தொடங்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒப்புதலுக்கே 14 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அதே லோகோ டிசைனர்: சரி, 17 நாள் முடிந்து பணம் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் கை வைக்க முடியாதுதானே?

வைக்கலாம். நிறுத்தி வைப்பது பெரும்பாலான தகராறுகளைப் பிடிக்கத்தான், எல்லாவற்றையும் இல்லை. கார்டில் பணம் கட்டியவர் தன் வங்கியில் போய் அந்தப் பரிவர்த்தனையை மறுக்கலாம். பல வகை மறுப்புகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. நீங்கள் பணத்தை எடுத்த பிறகு அப்படி ஒன்று வந்து, அதைத் தளம் உங்கள் தலையில் வைத்தால் இருப்பு மைனஸுக்குப் போகும், அடுத்த விற்பனையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். எந்தத் தளம் இதைத் தானே ஏற்கிறது, எது விற்பவர் மேல் போடுகிறது என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறு. உங்களுடையதைப் படித்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை.

வீடியோ எடிட்டர்: நான் கட்டணத்தை நானே ஈடுகட்டிவிடுகிறேன். கையில் 500 வேண்டும் என்றால், கட்டணம் 20 சதவீதம், அதனால் 600 என்று விலை சொல்வேன். மற்றவர்களும் இப்படிச் செய்யலாமே?

யோசனை சரி, கணக்கு பாதிதான் சரி. அவர்கள் 20 சதவீதத்தை உங்கள் 500 மேல் எடுப்பதில்லை, வாடிக்கையாளர் கட்டும் 600 மேல் எடுக்கிறார்கள். அது 120. உங்கள் கையில் 480. கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்:

```
500 / (1 - 0.20) = 625
```

625இல் 20 சதவீதம் 125, மீதி 500. ஒவ்வொரு வேலையிலும் 20 டாலரை விட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

சதவீதத்தோடு ஒரு நிலையான தொகையும் எடுக்கும் இடங்களில், உதாரணமாக 2.9 சதவீதமும் 30 சென்டும் என்றால், அந்த 30 சென்டை முதலில் கூட்டிவிட்டு வகுங்கள். 500 டாலர் விற்பனையில் அந்த 30 சென்ட் கண்ணுக்கே தெரியாது. 5 டாலர் டெம்ப்ளேட் விற்பவருக்கோ மொத்தக் கட்டணம் 9 சதவீதத்தை நெருங்கிவிடும்.

ஐகான் விற்பவர்: என் விற்பனை எல்லாம் சின்னச் சின்னது, மாதம் எழுபது எண்பது. வங்கியில் வாரம் ஒரு வரவுதான். எந்த வரவு எந்த விற்பனைக்கு என்று எப்படிப் பொருத்துவது? தேதியை வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை.

விற்பனைத் தேதியை வைத்துப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. ஒரு பேஅவுட் என்பது அன்றைக்கு எடுக்கத்தக்க நிலையில் இருந்த எல்லாவற்றின் கூட்டல் கழித்தல். நேற்று விற்றது இதில் இருக்காது, இரண்டு வாரத்துக்கு முந்தையது இருக்கும், நடுவில் ஒரு திருப்பமும் இருக்கும். வாரத்தில் விற்றதைக் கூட்டி வங்கி வரவோடு ஒப்பிட்டு, "ஒரு வாடிக்கையாளரின் பணம் வரவே இல்லை" என்று நானே ஒருவருக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன். அவர் கட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. பணம் தளத்தில் நிறுத்தத்தில் கிடந்தது. அந்த மனிதர் அப்புறம் எனக்கு வேலை தரவில்லை.

பேஅவுட் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து இறக்கும் ஷீட்டில் ஒவ்வொரு வரியும் எந்தப் பேஅவுட்டில் போனது என்று ஒரு நெடுவரிசை இருக்கிறதா பாருங்கள். ஸ்ட்ரைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு வரியிலும் `amount`, `fee`, `net`, `available_on` என்று நான்கும் தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு பேஅவுட்டின் எல்லா `net` எண்களையும் கூட்டினால் அனுப்பிய தொகை வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு திருப்ப வரியை விட்டிருப்பீர்கள். இன்னொன்று, அங்கே நேரம் `UTC`. மாதத்தின் கடைசி இரவில் விற்றது உங்கள் காலண்டரில் ஒரு மாதத்திலும் ஷீட்டில் வேறு மாதத்திலும் விழலாம்.

மொழிபெயர்ப்பாளர்: அப்படியானால் என் கணக்குப் புத்தகத்தில் வருமானம் எவ்வளவு? 800ஆ, 683.40ஆ?

800. கட்டணம் 80, எடுக்கும் கட்டணம் 1.60, வங்கிக் கூலி 15 மூன்றும் செலவு. திருப்பம் 20 போன மாத விற்பனையின் கழிவு. இப்படி எழுதினால்தான் மாதாமாதம் தளம் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும்.

வீடியோ எடிட்டர்: என் ஆடிட்டர் வங்கியில் வந்ததை மட்டும் எழுதினால் போதும் என்கிறாரே, பல வருடமாக அப்படித்தான் போகிறது.

பணம் வந்த நாளில் வருமானமாகக் காட்டுவது பல இடங்களில் அனுமதிக்கப்பட்ட முறைதான், அதில் நான் சண்டை போடவில்லை. ஆனால் எந்த நாளில் காட்டுவது என்பது வேறு, எந்த எண்ணைக் காட்டுவது என்பது வேறு. தளம் உங்களைப் பற்றி வரித்துறைக்கு மொத்த விற்பனையைத் தெரிவிக்கும் இடமாக இருந்தால், உங்கள் எண் அதைவிடக் குறைவாகத் தெரியும், விளக்கம் கேட்பார்கள். அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. 600 டாலர் வேலை ஒன்றின் வரிகளை அவர் முன்னால் வைத்து, அந்த 120 எங்கே போனது, எங்கே எழுதுவது என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று இங்கேயும் சொல்லுங்கள்.