வாலோடு வால் பொருந்தினால்தான் கழிபடும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 0.2363636… என்ற சுழல் தசமத்தைப் பின்னமாக மாற்றச் சொல்லி ஒரு கணக்கு. x என்று வைத்து, 10-ஆல் பெருக்கிக் கழித்தாள். வால் போகாமல் அப்படியே நிற்கிறது. 0.777… மட்டும் இதே முறையில் சரியாக வந்தது. எப்போது 10, எப்போது 100, எப்போது 1000 என்று எப்படித் தெரிந்துகொள்வது? போதாக்குறைக்கு இதே வழியில் அவள் தோழி 0.999… = 1 என்று காட்டிவிட்டாளாம். வழியிலேயே ஏதாவது ஓட்டை இருக்கிறதா?

— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் எழுதிய கழித்தலையே முதலில் எடுத்துக்கொள்வோம். நோட்டில் இப்படித்தான் இருந்திருக்கும்:

10x = 2.3636363…
x = 0.2363636…

கழித்தால் 9x = 2.1272727… இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை, இந்தச் சமன்பாடு உண்மைதான். ஆனால் நமக்கு உதவாது. ஒரு முடிவில்லாத வாலைத் தொலைக்கப் போய் இன்னொரு முடிவில்லாத வாலோடு திரும்பி வந்திருக்கிறாள்.

காரணத்தை அந்த இரண்டு வரிகளிலேயே பார்க்கலாம். மேல் வரியில் 3 இருக்கும் இடத்துக்கு நேர் கீழே 6 இருக்கிறது. 6 இருக்கும் இடத்துக்குக் கீழே 3. கரையில் மயிலும் யானையும் மாறி மாறி நெய்த இரண்டு சேலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலே உள்ளதை ஒரு உருவம் அளவுக்கு நகர்த்தினால் மயில்மேல் யானை வந்து உட்காரும். இரண்டு உருவம் நகர்த்தினால்தான் மயில்மேல் மயில் வரும். தசமத்தில் 10-ஆல் பெருக்குவது ஒரு இடம் நகர்த்துவது, 100-ஆல் பெருக்குவது இரண்டு இடம் நகர்த்துவது. அவ்வளவுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

ஆகவே உங்கள் மகள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, திரும்பத் திரும்ப வரும் தொகுப்பில் எத்தனை இலக்கம் என்பதுதான். 0.777…-இல் ஒரே இலக்கம், அதனால் 10 போதுமாக இருந்தது. இங்கே சுழல்வது 36, இரண்டு இலக்கம். 100 வேண்டும்.

100x = 23.6363636…
x = 0.2363636…

இப்போது முதல் தசம இடத்தை மட்டும் பாருங்கள், 6-க்குக் கீழே 2. அதற்கு அடுத்து 3-க்குக் கீழே 3, 6-க்குக் கீழே 6, கடைசிவரை அப்படியே. கழித்தால் 99x = 23.4. வால் போயே போய்விட்டது. மிஞ்சியிருக்கும் ஒரு தசமத்தைப் போக்க இருபுறமும் 10-ஆல் பெருக்கினால் 990x = 234.

பள்ளியில் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்வார்கள். முதலில் 10-ஆல் பெருக்கி, சுழலாத அந்த 2-ஐப் புள்ளிக்கு இடப்பக்கம் தள்ளிவிடுவார்கள்: 10x = 2.363636… பிறகு அதிலிருந்து இரண்டு இடம் நகர்த்தி 1000x = 236.363636… இரண்டையும் கழித்தால் நேராக 990x = 234 கிடைக்கும். தேர்வில் இப்படி எழுதுவதே நல்லது, படிகள் சுத்தமாகத் தெரியும். ஆனால் 10-உம் 1000-உம் எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 10 வந்தது சுழலாத இலக்கம் ஒன்று இருப்பதால். 1000 வந்தது அதற்கு மேல் இன்னும் இரண்டு இடம் நகர வேண்டியிருப்பதால்.

சுருக்கும் வேலை இன்னும் இருக்கிறது. 234/990. பகுதியில் ஒன்பதுகள் இருப்பதால் எப்போதும் 9-ஐயும் 3-ஐயும் முதலில் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். 234-இன் இலக்கங்களைக் கூட்டினால் 9, எனவே 9-ஆல் வகுபடும்: 26/110. பிறகு 2-ஆல் வகுத்தால் 13/55. இதுதான் விடை.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு வேறு ஒன்று: இந்தக் கணக்குக்கு 236/999 என்று எழுதிவிடுவது. சுழலும் இலக்கங்களைக் காட்ட மேலே போடும் கோடு எந்த இலக்கங்களின் மேல் இருக்கிறது என்று பார்க்காமல், புள்ளிக்குப் பின்னால் தெரியும் எல்லாவற்றையும் சுழல்வதாக எடுத்துக்கொள்வதால் வருவது. 236/999 என்பது 0.236236236…, வேறு எண். கோடு 36-இன் மேல் மட்டும் இருக்கிறதா, 236 முழுவதற்கும் மேல் இருக்கிறதா என்பதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி, வந்த பின்னத்தை நீள்வகுத்தல் செய்து பார்ப்பது. 13-ஐ 55-ஆல் வகுக்க வேண்டும். 130-இல் 55 இரண்டு முறை, மீதி 20. 200-இல் மூன்று முறை, மீதி 35. 350-இல் ஆறு முறை, மீதி மறுபடி 20. பழைய மீதி திரும்பி வந்த கணமே நிறுத்திவிடலாம். இனி 3, 6, 3, 6 என்றுதான் போகும், வேறு எதுவும் வர முடியாது. எந்தப் பின்னத்தை வகுத்தாலும் இலக்கங்கள் ஒன்று முடிந்துவிடும், இல்லையென்றால் சுழலும் என்பதற்கும் இதுதான் காரணம். 55-ஆல் வகுக்கும்போது மீதி 55-ஐவிடச் சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? எத்தனை நாள்தான் புதுப்புது மீதியாக வந்துகொண்டிருக்கும்!

வகுக்காமலே தெரிந்துகொள்ள இன்னொரு அடையாளமும் உண்டு. சுருக்கி முடித்த பின்னத்தின் பகுதியைக் காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள். 55 என்பது 5 × 11. 2 அல்லது 5 காரணியாக இருந்தால், சுழல்வதற்கு முன்னால் சில இலக்கங்கள் தனியாக நிற்கும். எத்தனை என்றால், 2, 5 இரண்டில் எது அதிக முறை வருகிறதோ அத்தனை. இங்கே 5 ஒரு முறை, ஆகவே ஒரு இலக்கம், அந்த 2. 0.58333…-ஐ எடுத்துக்கொண்டால் அதன் விடை 7/12. 12-இல் 2 இரண்டு முறை வருகிறது, முன்னால் நிற்பவையும் 5, 8 என்று இரண்டு. சுழலாத இலக்கம் கணக்கில் இருந்து, சுருக்கிய விடையின் பகுதியில் 2-உம் இல்லை 5-உம் இல்லை என்றால் எங்கோ தவறியிருக்கிறாள் என்று நீங்கள் சமையலறையில் இருந்தே சொல்லிவிடலாம். 999-இல் இரண்டுமே இல்லை, 236/999 அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

கால்குலேட்டரை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். 13 ÷ 55 தட்டினால் பல கால்குலேட்டர்கள் 0.2363636364 என்று காட்டும். கடைசி 4 சுழலின் பகுதி இல்லை, இடம் போதாமல் முழுமைப்படுத்தியது. இதற்கு நேர்மாறாக 1 ÷ 17 தட்டினால் திரையில் எதுவுமே திரும்பி வராதது போல இருக்கும். அதன் சுழற்சி 16 இலக்கம் நீளம், பத்து இலக்கத் திரையில் ஒரு சுற்றுகூட முடியாது.

அப்புறம் அந்தத் தோழி. அவள் செய்தது சரிதான். x = 0.999… என்றால் 10x = 9.999…, கழித்தால் 9x = 9, x = 1. ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை, 0.999… என்பதும் 1 என்பதும் ஒரே எண்ணை எழுதும் இரண்டு விதங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் அவை வேறு வேறு எண்கள் என்றே வைத்துக்கொண்டு, இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஒன்பது எழுதினால் 1-க்கு மிச்சம் 0.1, இரண்டு எழுதினால் 0.01, மூன்று எழுதினால் 0.001. ஒன்பதுகள் நிற்காமல் போவதால், நீங்கள் எவ்வளவு சின்னத் தூரத்தைச் சொன்னாலும் மிச்சம் அதைவிடச் சின்னதாகிவிடும். பூச்சியத்தைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் அந்தத் தூரமாக இருக்க வழியில்லை.

ஆனாலும் உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. முடிவில்லாத ஒன்றுக்கு x என்று பெயர் வைத்துக் கூட்டிக் கழிக்கும்போது, அது ஒரு குறிப்பிட்ட எண் என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லாத இடத்தில் இதே வித்தை அபத்தத்தில் கொண்டுபோய் விடும். S = 1 + 2 + 4 + 8 + … என்று வையுங்கள். இரட்டிப்பாக்கினால் 2S = 2 + 4 + 8 + … முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வால்கள் அழகாகப் போய், −S = 1, அதாவது S = −1! நேர் எண்களையே கூட்டிக்கொண்டு போய் குறை எண் வந்து நிற்கிறது. படிகளில் பிழை இல்லை. கூட்டல் எந்த எண்ணிலும் போய் நிலைக்காமல் பெருகிக்கொண்டே போவதால், S என்று ஒரு எண்ணே கிடையாது. தசமத்தில் இந்த ஆபத்து இல்லை. ஒவ்வொரு இலக்கமும் முந்தையதைவிடப் பத்தில் ஒரு பங்கு இடமதிப்பில் உட்காருவதால், கூட்டல் எப்போதும் ஒரு எண்ணை நெருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் பாடப்புத்தகம் இந்தக் கேள்வியை எழுப்பாமலே கழிக்கச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. 0.1010010001… என்பதில் ஒழுங்கு தெரிகிறது, ஆனால் பூச்சியங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகின்றன. எத்தனை இடம் நகர்த்தினாலும் வாலோடு வால் பொருந்தாது. அதை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது, அது விகிதமுறா எண். ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகள் "முடிவில்லாதது" என்று கேட்டதும் சுழல் தசமத்தோடு இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள், அந்த இடத்தில் ஒரு கண் வையுங்கள்.

பழகுவதற்கு 0.3181818…-ஐக் கொடுத்துப் பாருங்கள். விடை 7/22. 318/999 என்று வந்தால் கோட்டைப் பார்க்கவில்லை. 35/110 என்று வந்தால் வழி சரி, சுருக்குவதில்தான் அவசரப்பட்டிருக்கிறாள்.