தமிழ்நாட்டு டைப்ரைட்டிங் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் அரச வேலைக்கு உதவுமா?

கேள்வி: "இந்தியாவில் இருக்கேக்க டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் இரண்டும் பாஸ் பண்ணினனான். இப்ப குடும்பத்தோட யாழ்ப்பாணம் வந்திட்டம். கிளார்க் வேலைக்கு இந்தச் சான்றிதழைக் காட்டலாமா? தமிழ் ஹையரும் எடுத்திருக்க வேணுமா?"

காட்டலாம், ஆனால் அதை வைத்து இங்கே வேலை கிடைக்காது. எங்கள் நாட்டில் கிளார்க் வேலை என்று சொல்வது இப்போது அரச முகாமைத்துவ உதவியாளர் சேவை. அதற்குத் தட்டச்சுச் சான்றிதழைத் தகுதியாகக் கேட்பதில்லை. எனவே தமிழ் ஹையர் எடுக்கவில்லையே என்று கவலைப்படவும் தேவையில்லை. அதற்காக நீங்கள் படித்தது வீண் என்றும் ஆகாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் திருச்சிப் பக்கம் இருந்த காலத்தில் இதே பரீட்சைகளை எழுதித்தான் ஊர் திரும்பினேன். அங்கே இருந்தவர்களுக்கு இந்தச் சான்றிதழ் மேல் ஏன் அவ்வளவு நம்பிக்கை என்பது, அங்கே ஆள் எடுக்கும் முறையைப் பார்த்தால்தான் விளங்கும். தமிழ்நாட்டு அரச வேலைகளுக்கு ஆள் எடுக்கும் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 பரீட்சை ஒன்றுதான். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் எல்லோரும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள்: 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பரீட்சையில் யாரும் ஒரு வரிகூட ரைப் அடித்துக் காட்டுவதில்லை. விரல் வேகத்தைச் சோதிக்கும் வேலையை, லோயர், ஹையர் பரீட்சைகளை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஏற்கெனவே முடித்துவிட்டது. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் தட்டச்சர் பதவிக்கும் உங்கள் பெயர் பார்க்கப்படும். இல்லாவிட்டால் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் அந்தப் பதவிக்குப் பார்க்க மாட்டார்கள்.

அங்கே சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, எந்தச் சோடி என்பதும் முக்கியம். தட்டச்சர் பதவிக்கு முதல் இடம் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணினவர்களுக்கு. அவர்கள் போதாமல் போனால்தான் ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் உள்ளவர்களுக்கு வருவார்கள். நீங்கள் இந்த இரண்டாவது கூட்டம். உதாரணத்துக்கு, நீங்கள் எழுத்துப் பரீட்சையில் 240 எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களோடு படித்த இன்னொருவர் 225 தான், ஆனால் இரண்டு மொழியிலும் ஹையர். இளநிலை உதவியாளர் பதவிக்கு நீங்கள் அவருக்கு முன்னால் நிற்பீர்கள், ஏனென்றால் அதற்கு ரைப்பிங் தேவையில்லை. தட்டச்சர் பதவிக்கோ அவர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். அந்த 15 மதிப்பெண் வித்தியாசம் அங்கே எடுபடாது. இன்ஸ்டிடியூட் மாஸ்டர்மார் "ஹையர் முடிச்சிட்டுப் போ, ஹையர் முடிச்சிட்டுப் போ" என்று விடாமல் சொல்வது இதனால்தான். அறிவிப்பு வெளியாகும் திகதியில் சான்றிதழ் கையில் இருக்கவும் வேண்டும். கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு, வேலையில் சேர்ந்த பிறகு தகுதிகாண் காலத்துக்குள் அதை எடுத்துவிடலாம்.

பரீட்சையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இங்கே சிலர் "ரைப்பிங் தானே, அதுக்கொரு பாஸா?" என்று கேட்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். ஆங்கில லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்று கணக்கு, ஆகவே பத்து நிமிடத்தில் 1500 தட்டு. ஹையர் 45 சொல், அதாவது அதே பத்து நிமிடத்தில் 2250. செக்கனுக்கு ஏறத்தாழ நான்கு தட்டு. தொடக்கத்தில் அவசரப்பட்டவர் நடுவில் பிழை விட்டு நின்றுவிடுவார். ரைப்ரைட்டரில் அழிக்க முடியாது, விட்ட பிழை விட்டதுதான். இதைவிட ஆபத்து ஒரு வரியை விட்டுவிடுவது. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் கண் கீழே வழுக்கிவிடும், கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பத்தியில் ஒரு வரி காணாமல் போயிருப்பது தாளைக் கொடுத்த பிறகுதான் தெரியும். இரண்டாம் தாள் வேகம் இல்லை, ஒழுங்கு. அடித்துத் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி, சுருக்கெழுத்துகளோடு கிடக்கும் கையெழுத்துப் படியைப் பார்த்து ஒரு கடிதமும் ஒரு அட்டவணையும் அடிக்க வேண்டும். லோயருக்கு 45 நிமிடம், ஹையருக்கு ஒரு மணித்தியாலம். அட்டவணையில் நிரல்களுக்கு இடம் எண்ணிப் பிரிக்காமல் தொடங்கினால் கடைசி நிரல் தாளை விட்டு வெளியே போய்விடும்.

பரீட்சை மண்டபத்தில் இருக்கும் மெசினை நம்பி யாரும் போவதில்லை. இன்ஸ்டிடியூட்காரரே ரெமிங்டனையும் ஃபாசிட்டையும் வானில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். பழகின மெசின் பிள்ளையின் கைக்கு இருக்க வேண்டும் என்று அவ்வளவு பாடு. பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் அந்த ஊர்களில் இது ஒரு திருவிழா மாதிரித்தான் நடக்கும்.

இனி இங்கத்தைய கதை. எங்களுக்கும் ஒரு காலத்தில் எழுதுவினைஞர், தட்டெழுத்தாளர், சுருக்கெழுத்தாளர் என்று தனித்தனிச் சேவைகள் இருந்தன. இப்போது அவை எல்லாம் முகாமைத்துவ உதவியாளர் சேவைக்குள் வந்துவிட்டன. கந்தோரில் கடிதம் அடிப்பதும் கோவை பார்ப்பதும் ஒரே ஆள்தான். எனவே ரைப் அடிப்பதற்கென்று தனியாக ஆள் எடுக்கும் வாசலே அடைபட்டுவிட்டது. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், பரீட்சைத் திணைக்களம் போட்டிப் பரீட்சை நடத்தும், அதில் எடுக்கும் புள்ளியை வைத்துத்தான் ஆள் தெரிவு.

நீங்கள் இப்போது ஓட வேண்டியது இரண்டு விசயத்துக்கு. ஒன்று கல்வித் தகுதி. வர்த்தமானியில் கேட்பது சாதாரண தரம், உயர்தரம். உங்களிடம் இருப்பது பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் என்றால், அதை இங்கத்தைய தகுதிக்குச் சமமாக ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "ஓம் ஓம், காணும்" என்று யாரும் சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள், நேர்முகத்தில் சான்றிதழ் பார்க்கும்போதுதான் இந்தப் பிரச்சினை தலைதூக்கும். மற்றது சிங்களம். தமிழ் மூலம் சேவையில் சேருபவர் இரண்டாவது அரச கரும மொழியாகச் சிங்களத்தில் தேர்ச்சி காட்ட வேண்டும். தமிழ் ஹையருக்குச் செலவழிக்க நினைக்கும் நேரத்தை இதில் போட்டால் உங்களுக்கு நல்லது.

சரி, அந்த லோயரும் ஹையரும் எதற்கு உதவும்? உங்கள் விரலுக்கு. இங்கே அச்சகங்களிலும் கொமியூனிகேசன் கடைகளிலும் பல கந்தோர்களிலும் தமிழ் அடிப்பது இன்னும் பாமினி என்ற எழுத்துருவில்தான். பாமினியின் விசை அமைப்பு ரைப்ரைட்டரைத் தழுவியது. இடது கை யளனக, வலது கை தமட, எல்லாம் நீங்கள் அங்கே மனப்பாடம் பண்ணின இடத்திலேயே இருக்கும். ஓரத்தில் சில எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருக்கும், அவை சீக்கிரம் பழகிவிடும். அந்த ரைப்ரைட்டர் அமைப்பே எங்கள் ஊர் ஆளால் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சுண்டிக்குளியில் பிறந்து கடல் கடந்து போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழுக்கு முதல் ரைப்ரைட்டரை வடிவமைத்தவர். ஒரு குறியைத் தட்டினால் வண்டி நகராமல் அதே இடத்தில் நிற்க, அடுத்த எழுத்து அதன் கீழே வந்து விழும் 'நகரா விசை' அவருடைய மெசினில் இருந்ததுதான்.

உங்களுக்குச் சிக்கல் வரப்போவதும் அந்த நகரா விசையில்தான். ரைப்ரைட்டரில் புள்ளியை முதலில் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டிப் பழகியிருப்பீர்கள். பாமினியில் எழுத்து முதல், புள்ளி பிறகு. 'மக்கள்' என்று அடிக்க உங்கள் கை பழக்கத்தில் மேல் வரி மாதிரிப் போகும், பாமினி கேட்பதோ கீழ் வரி:

```
k;ff;s
kf;fs;
```

மேல் வரியைப் பாமினியில் பார்த்தால் 'ம்கக்ள' என்று நிற்கும். புள்ளி எல்லாம் ஓரெழுத்து முன்னால் போய் உட்கார்ந்திருந்தால் காரணம் இதுதான், விசைப்பலகையில் கோளாறு இல்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இரண்டிலும் எழுத்துக்கு முன்னால்தான் வரும், அதில் பயமில்லை. பழகும்போது வேகத்தைப் பார்க்க வேண்டாம். புள்ளி நிறைய வரும் சொற்களை, 'பக்கம்', 'தப்பு', 'மட்டம்' போல, மெதுவாகத் திரும்பத் திரும்ப அடியுங்கள். அவசரப்பட்டால் விரல் உடனே பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும், ஹையர் வேகம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கூட.

இன்னொன்று. பாமினியில் அடித்ததை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால் மற்றவருக்கு மேலே காட்டின ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், ஏனென்றால் பாமினி எழுத்துருவே தவிர யூனிகோடு இல்லை. அனுப்புவதற்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றின பிறகு ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் வேண்டும். கடை வேலைக்குக் கேட்டுப் போகும்போது "பாமினியும் அடிப்பன், யூனிகோடும் அடிப்பன்" என்று சொன்னால் சான்றிதழைக் கேட்கவே மாட்டார்கள், ஒரு பக்கத்தைக் கையில் தந்து அடிக்கச் சொல்லுவார்கள். உங்கள் ஹையர் அங்கேதான் உங்களுக்குக் கைகொடுக்கும். அரச விண்ணப்பத்தில் மற்றத் தகைமைகள் என்று ஒரு இடம் இருந்தால் அதில் இரண்டையும் எழுதிவிடுங்கள், மூலப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். தமிழ் ஹையரை மட்டும், திரும்ப அங்கே போய் இருக்கும் எண்ணம் இல்லையென்றால், விட்டுவிடுங்கள்.