மதியத் தூக்கத்தை மறுக்கும் குழந்தை: ஆசிரியைக்கு என்ன எழுதுவது?

"மூன்றரை வயது மகன் இரண்டு வாரமாக மழலையர் பள்ளியில் மதியம் தூங்க மறுக்கிறான்; மாலையில் சோர்ந்து அழுகிறான். முன்பு மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குவான்; இரவு 9 முதல் காலை 7 வரை உறங்குகிறான். ஆசிரியைக்கு என்ன எழுதலாம்?"

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத் தேவை சேர்கிறது. இதைத் தூக்க அழுத்தம் என்பார்கள். சிறு குழந்தைக்கு அது சின்னக் குவளை போல நண்பகலிலேயே நிரம்பிவிடும். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் குவளை பெரிதாகிறது. அந்த இடைக்காலத்தில் மதியம் நிரம்பாமல், மாலை ஐந்து மணிக்கு வழிந்துவிடுகிறது. அடம்பிடிப்பு என்று இதைக் கருதுவது குழந்தைக்கு நியாயமாகாது.

இந்த வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு 9 முதல் காலை 7 வரை உறங்கி, மதியம் ஒன்றரை மணி நேரமும் தூங்கியவனுக்கு மொத்தம் பதினொன்றரை மணி நேரம் கிடைத்து வந்தது. இப்போது பத்துதான் கிடைக்கிறது. ஆகவே கடிதத்தில் இந்த நேரங்களையும், மறுப்பு தொடங்கிய நாளையும் குறிப்பிட்டு, இப்படிக் கேளுங்கள்: "வீட்டில் இன்றுமுதல் 7.30 மணிக்கே படுக்க வைக்கிறோம். அவனை வற்புறுத்தாமல், அரை மணி நேரம் புத்தகத்துடன் அமைதியாகப் படுத்திருக்க விடுங்கள். எந்தெந்த நாள்களில் தானாகத் தூங்கினான் என்று மட்டும் சொல்லுங்கள்." வாரத்தில் பாதி நாள்கள் தூங்கினால், பகல் தூக்கம் இன்னும் தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். குறட்டையோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பகலில் தூங்காதவன் இரவில் தானாகவே எளிதில் உறங்கிவிடுவான் என்று பலர் நம்புகிறார்கள். பல குழந்தைகளுக்கு அது உண்மைதான். ஆனால் மிகவும் களைத்த குழந்தை சில நேரம் படபடப்புடன் புரண்டு, தூங்கத் தாமதமாகலாம்.