குளிக்கிற நேரம் தமிழ் நேரம்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். யாங்கூனில் மாமியாரோடு இருக்கிறோம். அவரும் என் கணவரும் தமிழ் பேசுவார்கள். நான் தமிழ்ப் பெண்தான், ஆனால் பர்மியப் பள்ளியில் படித்து வளர்ந்ததால் எனக்குப் பர்மியம்தான் சரளமாக வரும். மாமியார், “நீயும் தமிழ்லயே பேசு” என்கிறார். என் அக்காவோ, இரண்டு மொழி பேசினால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும் என்கிறாள். மகள் இப்போது “யே” என்றுதான் தண்ணீர் கேட்கிறாள். நான் எந்த மொழியில் பேசுவது?
– ஒரு தாய், யாங்கூன்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் உங்கள் அக்காவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரு மொழியை மட்டும் எண்ணிப் பார்ப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. “யே” ஒரு சொல், “தமின்” ஒரு சொல், “பாட்டி” ஒரு சொல், “வா” ஒரு சொல். எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். இரண்டு வயது நிறையும்போது இரு மொழியிலும் சேர்த்து ஐம்பது சொற்கள்கூட இல்லை, இரண்டு சொற்களைச் சேர்த்தும் பேசவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், காதுகேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டால் இரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

என் மூத்த மகன் இரண்டு வயதில் குறைவாகத்தான் பேசினான். ஒரு மருத்துவர் தமிழை நிறுத்தச் சொன்னார், நாங்களும் நிறுத்தினோம். அவன் பேச்சு அதனால் வேகமெடுக்கவில்லை. நான்கு வயதில் என் அம்மா தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்குப் புரிந்தது, பதில் மட்டும் பர்மியத்தில் வந்தது. அதை மாற்ற எங்களால் முடியவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பர்மியம் உங்கள் மகளுக்குத் தானாகவே வந்துவிடும். தெருவில், சந்தையில், நாளைக்கு நர்சரியில் எங்கும் அதுதான். தமிழ் அப்படித் தானாக வராது. பெல்ஜியத்தில் டச்சு மொழி பேசும் பகுதியில் ஆனிக் தெ ஹௌவர் என்ற ஆய்வாளர் 1,899 குடும்பங்களிடம் விசாரித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் டச்சு பேசினார்கள், ஆனால் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள் வீட்டிலிருந்த மற்ற மொழியைப் பேசவில்லை. உங்களுக்கு வேண்டிய விஷயமும் அதிலேயே இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் ஊர் மொழியை மட்டும், மற்றவர் வீட்டு மொழியை மட்டும் பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றில்தான் குழந்தைகள் இரண்டையும் பேசினார்கள். இருவருமே வீட்டு மொழி பேசி, அவர்களில் ஒருவர் மட்டும் ஊர் மொழியையும் கலந்து பேசிய குடும்பங்களில் அது பத்தில் ஒன்பதுக்கும் மேல்.

அதாவது, நீங்கள் பர்மியத்தை விட வேண்டியதில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். குழந்தை விழுந்து அழும்போது அணைத்துச் சொல்வதும், கொஞ்சுவதும், கோபப்படுவதும் உங்களுக்கு எந்த மொழியில் தடுமாறாமல் வருகிறதோ அதிலேயே இருக்கட்டும். சொல் தேடித் தேடிப் பேசினால் நீங்கள் பேசுவதே குறைந்துவிடும், அது குழந்தைக்கு நஷ்டம். ஆனால் ஒரு நாளில் இரண்டு வேலைகளை மட்டும் முழுக்கத் தமிழுக்கு ஒதுக்குங்கள். கணவரும் பாட்டியும் எப்போதும் தமிழ்.

மகள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கிறாள் என்று வையுங்கள். பாட்டியிடம் மூன்று மணி நேரம், அப்பாவிடம் இரவில் ஒரு மணி நேரம் என்றால் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு தமிழ். ஆனால் பாட்டி சமைக்கும்போது அவள் தனியாக விளையாடுகிறாள், அப்பா வீட்டுக்கு வரும்போது அவளுக்குத் தூக்கம் வருகிறது. அவளைப் பார்த்துப் பேசிய நேரம் அதில் பாதிகூட இருக்காது. நர்சரி தொடங்கினால் பாட்டியின் நேரமும் சுருங்கும். உங்கள் இரண்டு வேலைகள் நர்சரி வந்தாலும் நிற்காது.

ஒன்று குளியலாக இருக்கட்டும். அதற்கு வேண்டிய தமிழ் முழுக்க உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: தண்ணி, சோப்பு, துண்டு, கையைத் தூக்கு, கண்ணை மூடு, ஊத்து, துவட்டு. தினமும் அதே சொற்கள், அதே வரிசை. குவளையைத் தூக்கி “தண்ணி ஊத்தட்டுமா?” என்று கேட்டுவிட்டு அப்படியே நில்லுங்கள், மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். முதலில் அவள் உங்களைப் பார்ப்பாள், அவ்வளவுதான். நீங்களே “ஊத்து!” என்று சொல்லி ஊற்றுங்கள். சில நாளில் கையால் காட்டுவாள், அப்புறம் ஒருநாள் “ஊத்” என்று வரும். அது வந்தபின் நீங்கள் ஒரு சொல் கூட்டுங்கள்: “தண்ணி ஊத்து.” முடிந்ததும் “ஊத்தியாச்சு.” இந்தக் காத்திருப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாமே விடாமல் பேசிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பேச இடமே கிடைக்காது.

“நீர்”, “ஊற்று” என்று திருத்தமாகப் பேச முயல வேண்டாம். பாட்டி பேசுகிற பேச்சுத் தமிழே போதும், புத்தகத் தமிழைப் பின்னால் கோயில் வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். அவள் வாயில் ‘ர’ ‘ய’ ஆனாலும் ‘ழ’ வராவிட்டாலும் விட்டுவிடுங்கள், எங்கும் சின்னக் குழந்தைகளுக்கு அவை தாமதமாகத்தான் வரும்.

இரண்டாவது வேலை மாலையில் சாப்பாடு ஊட்டுவதாக இருக்கலாம். அங்கேதான் “யே” வரும். அப்போது தண்ணீரைக் கொடுக்காமல் தமிழில் கேட்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். புரியாத மாதிரி நடிக்கவும் வேண்டாம், அம்மாவுக்குப் பர்மியம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். டம்ளரைக் காட்டி, “தண்ணியா? தண்ணி வேணுமா?” என்று கேளுங்கள், கொஞ்சம் பொறுங்கள், கொடுங்கள். கொடுக்கும்போது “இந்தா, தண்ணி.” “யே வேணும்” என்று கலந்து சொன்னால் சந்தோஷப்படுங்கள். பர்மியத்திலும் தமிழிலும் வினை கடைசியில்தான் வருகிறது, அதனால் இரண்டும் அவள் வாயில் இலகுவாக ஒட்டிக்கொள்கின்றன. அது குழப்பமில்லை. கவனிக்க வேண்டியது, நீங்கள் அந்த இடத்தில் “யே” என்று பதில் சொல்லிப் பர்மியத்துக்கு மாறிவிடுகிறீர்களா என்பதைத்தான். பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பேத்தி பர்மியத்தில் கேட்டதும் செல்லமாகப் பர்மியத்திலேயே பதில் சொல்லும் பாட்டிகள் நிறையப் பேர்.

போனில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிட்டு அதையும் தமிழ் நேரமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை ஆட்கள் நேரில் பேசிக் காட்டினார்கள், வேறு சிலருக்கு அதையே திரையில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள், திரையில் பார்த்தவர்களுக்கு அது வரவில்லை. பாட்டு வேண்டுமென்றால் நீங்களோ பாட்டியோ கைதட்டிப் பாடுங்கள்.

கணவருக்கு ஒரு வேலை உண்டு. வீட்டுக்கு வந்ததும் போனை வைத்துவிட்டு, அன்று நடந்ததை மகளிடம் கேட்கட்டும்: “இன்னைக்கு யார் குளிப்பாட்டுனா? பாட்டி என்ன குடுத்தா?” அவளுக்குப் பதில் தெரியும், சொல்லும் தமிழ்தான் இன்னும் வரவில்லை. அப்போது பக்கத்தில் இருந்து நீங்கள் முதல் சொல்லை எடுத்துக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் தானாகச் சொன்ன தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு மாதமாகியும் பட்டியல் நீளவில்லை என்றால் காலையில் உடை மாற்றுவதையும் தமிழுக்கு மாற்றுங்கள்.