வட்டிக் காப்பு விகிதம் 5 இருந்தும் வங்கி கடன் தர மறுப்பது ஏன்?

கேள்வி: என் அண்ணன் உட்லண்ட்சில் மசாலா அரைக்கும் நிறுவனம் நடத்துகிறார். கட்டும் வட்டியைப் போல ஐந்து மடங்கு லாபம் வருகிறது, இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அப்படியிருந்தும் புதிய இயந்திரத்துக்குக் கேட்ட கடனை வங்கி மறுத்துவிட்டது. இது நியாயமா?

உங்கள் அண்ணனின் கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே கதையைச் சிறு நிறுவனங்களுக்கான கடன் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். வங்கியின் மறுப்பு பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும் என்பதுதான் என் எண்ணம், அதே நேரத்தில் அதற்குத் தீர்வும் பெரும்பாலும் உண்டு. வட்டியைப் போல ஐந்து மடங்கு லாபம், அதாவது வட்டிக் காப்பு விகிதம் 5, என்பது வட்டியைப் பற்றி மட்டும் பேசுகிற எண். தவணையில் வட்டி சிறு பங்குதான், மீதி முழுவதும் அசல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு பரிந்துரையில் வட்டிக் காப்பு விகிதத்தைத் தடித்த எழுத்தில் முதல் வரியிலேயே போட்டிருந்தேன். என் மேலாளர் அதைப் படித்துவிட்டு, “வட்டியைக் கட்டிவிடுவார், சரி. அசலை யார் கட்டுவது?” என்று மட்டும் கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பரிந்துரை தோசை மாவு தயாரித்துப் பேரங்காடிகளுக்கு விற்கும் ஒரு நிறுவனத்துக்கானது. அடையாளம் தெரியாதபடி எண்களை மாற்றி, கணக்கின் போக்கு மாறாமல் அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் லாபம் ஆண்டுக்கு 520,000 வெள்ளி. வங்கியில் இதை எபிட்டா என்பார்கள். அரவை இயந்திரங்கள், குளிர் அறை, லாரிகள் இவற்றின் தேய்மானம் 180,000 போக மீதி 340,000. அந்த ஆண்டு கட்டிய வட்டி 68,000. இரண்டையும் வகுத்தால் வட்டிக் காப்பு விகிதம் சரியாக 5. பார்ப்பதற்கு அழகான எண்தான்.

ஆனால் அந்த ஆண்டில் வட்டியோடு 310,000 வெள்ளி அசலும் திருப்பிக் கட்டப்பட்டது. மொத்தம் 378,000, அதாவது மாதம் 31,500 வெள்ளி ஜைரோ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. அசல் திருப்பிச் செலுத்துவது செலவு அல்ல என்பதால் லாப நட்டக் கணக்கில் அது எங்கும் தெரியாது. கடன் தவணைக் காப்பு விகிதம், அதாவது டிஎஸ்சிஆர், இந்த முழுத் தொகையையும் கீழே வைத்து, அதைக் கட்டக் கையில் எவ்வளவு ரொக்கம் மிஞ்சுகிறது என்பதை மேலே வைக்கிறது.

மேலே எதை வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எபிட்டாவை அப்படியே வைத்தால் 520,000-ஐ 378,000-ஆல் வகுத்து 1.38 கிடைக்கும். வங்கிகள் பொதுவாக 1.2 அல்லது 1.25-க்கு மேல் எதிர்பார்ப்பதால் இதுவும் தேறிவிட்டதாகவே தோன்றும். ஆனால் எபிட்டா முழுவதும் தவணை கட்டக் கிடைப்பதில்லை. வரி முந்திக்கொள்ளும். வட்டி போக வரிக்கு முந்தைய லாபம் 272,000. தேய்மானமும், அதற்குப் பதிலாக வரிக் கணக்கில் கழிக்கப்படும் மூலதனக் கழிவும் சமம் என்று வைத்துக்கொண்டால், முதல் 10,000 வெள்ளியில் 75 விழுக்காடும் அடுத்த 190,000-இல் 50 விழுக்காடும் வரிவிலக்கு பெறுவதால், 102,500 போக மிச்சம் 169,500-க்கு 17 விழுக்காடு வரி, ஏறக்குறைய 28,800 வெள்ளி.

அடுத்து, தொழில் இப்போதுள்ள அளவிலேயே ஓடுவதற்குச் செய்தே ஆகவேண்டிய செலவு. பழைய குளிர்சாதன லாரியின் வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்தால் புதுப்பிக்காமல் இருக்க முடியாது, அரவைக் கல் மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலும் ஒரு வரம்புக்கு மேல் முடியாது. இதற்கு ஆண்டுக்கு 60,000. இரண்டையும் கழித்தால் 431,200 மிஞ்சுகிறது, விகிதம் 1.14-க்கு இறங்கிவிடுகிறது.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. இதைத்தான் முதலாளிகள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். வியாபாரம் வளர்ந்த அதே ஆண்டில் பேரங்காடிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி 70,000 வெள்ளி கூடியிருந்தது. மாவு விற்றாகிவிட்டது, லாபமும் எழுதியாகிவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. அதையும் கழித்தால் மிஞ்சுவது 361,200, விகிதம் 0.96. வட்டிக்கு ஐந்து மடங்கு சம்பாதிக்கும் நிறுவனத்தால் தன் தவணைகளை முழுதாகக் கட்ட முடியவில்லை.

அப்படியானால் ஒரு தவணைகூடத் தவறாதது எப்படி? பற்றாக்குறை 16,800 வெள்ளி. வங்கி அறிக்கையைப் புரட்டிப் பார்த்தபோது, ஆண்டின் இறுதியில் மிகைப்பற்றுக் கணக்கின், அதாவது ஓவர்டிராஃப்டின், நிலுவைக் கடன் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ அதே 17,000 அளவுக்குக் கூடியிருந்தது. தவணை ஐந்தாம் தேதி பிடிக்கப்படும், பேரங்காடிகளின் பணம் இருபத்தைந்தாம் தேதிவாக்கில் வரும். நான்காம் தேதி மாலையில் மிகைப்பற்றிலிருந்து ஒரு தொகை எடுக்கப்பட்டு, மாதக் கடைசியில் அதில் பெரும்பகுதி திரும்பும், முழுவதும் திரும்பாது. ஒவ்வொரு மாதமும் ஒரு கடனின் தவணையை இன்னொரு கடன் கட்டிக்கொண்டிருந்தது. உங்கள் அண்ணனின் கணக்கிலும் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்: தவணைக்கு முந்தைய நாளின் கணக்கு இருப்பை, மிகைப்பற்று போக, பன்னிரண்டு மாதத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால், தவணை தவறாத வரலாற்றுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

இப்போது புதிய கடனுக்கு வருவோம். மாவு நிறுவனத்தின் முதலாளி கேட்டது 400,000 வெள்ளி, ஐந்தாண்டு, குறையும் நிலுவைக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி. மாதத் தவணை ஏறக்குறைய 7,920, ஆண்டுக்கு 95,000. புதிய இயந்திரம் எபிட்டாவை 80,000 கூட்டும் என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினோம். இயந்திரத்தின் தேய்மானமும் அதே 80,000 என்பதால் வட்டிக்கு முந்தைய லாபம் 340,000-இலேயே நின்றது. 6 விழுக்காட்டு வட்டியில் இருந்த பழைய கடன்களின் அசல் 10 லட்சத்துக்கு இறங்கியிருந்ததால் அவற்றின் வட்டி அடுத்த ஆண்டில் 51,100 ஆகக் குறையும். புதிய கடனின் முதலாண்டு வட்டி 25,800-ஐச் சேர்த்தாலும் வட்டிக் காப்பு விகிதம் 4.4. இன்னொரு பக்கம் தவணைகள் மொத்தம் 473,000. வரி, அத்தியாவசியச் செலவு, பாக்கியில் முடங்கும் பணம் எல்லாம் போகக் கிடைக்கும் ரொக்கம் 442,700. டிஎஸ்சிஆர் 0.94. நாங்கள் மறுத்தோம்.

முதலாளி கோபப்பட்டார். “வட்டிக்கு நாலு மடங்குக்கு மேல் சம்பாதிக்கிறேன், இன்னும் என்ன வேண்டும்?” என்றார். அவருடைய குறை லாபத்தில் இல்லை, கடனின் காலத்தில் இருந்தது. எட்டுப் பத்தாண்டு உழைக்கும் இயந்திரங்களையும் குளிர் அறையையும் குறுகிய காலக் கடனில் வாங்கிக் குவித்திருந்தார். மீதமிருந்த 10 லட்சம் மூன்றாண்டுக்குள் தீர்ந்துவிடும்படி தவணை அமைந்திருந்தது. அதே 10 லட்சத்தை அதே 6 விழுக்காட்டு வட்டியில் ஆறாண்டுக் கடனாக மாற்றினால் ஆண்டுத் தவணை 378,000-இலிருந்து ஏறக்குறைய 198,900-க்கு இறங்குகிறது. புதிய இயந்திரக் கடனையும் சேர்த்து மொத்தம் 293,900. டிஎஸ்சிஆர் 1.51.

இந்த இடத்தில் வட்டிக் காப்பு விகிதம் என்ன ஆனது என்று பாருங்கள். அசல் மெதுவாகக் குறைவதால் முதலாண்டு வட்டி சற்றுக் கூடி, விகிதம் 4.4-இலிருந்து 4.2-க்கு இறங்கியது. திருப்பிக் கட்டும் சக்தி 0.94-இலிருந்து 1.51-க்கு உயர்ந்த அதே நேரத்தில், வட்டிக் காப்பு விகிதம் நிலைமை மோசமாகிவிட்டது என்று சொல்கிறது. தவணைக் கடன் உள்ள சிறு நிறுவனத்துக்கு அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்காக அந்த விகிதமே வீண் என்று சொல்லவில்லை. அதற்குரிய இடம் வேறு. சொத்து முதலீட்டு அறநிதிகளான ரீட்களுக்கு சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 நவம்பரில் குறைந்தபட்ச வட்டிக் காப்பு விகிதமாக 1.5-ஐ நிர்ணயித்தது. அவற்றின் கடன்கள் பெரும்பாலும் மாதாமாதம் அசல் குறைபவை அல்ல, முதிர்வில் புதிய கடனால் மாற்றப்படுபவை. அங்கே வட்டியைத் தாங்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. மாவு அரைப்பவருக்கு அப்படி அசலைத் தள்ளிப்போட யாரும் இடம் கொடுப்பதில்லை.

கணக்குத் தரநிலையாலும் ஒரு குழப்பம் வரும். 2019 முதல் முழுத் தரநிலையைப் பின்பற்றும் நிறுவனங்களில் தொழிற்கூட வாடகையின் பெரும்பகுதி வாடகைச் செலவாகத் தெரியாமல் தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிட்டது. அதனால் எபிட்டா திடீரென்று பெருத்துத் தெரியும். அப்படிப்பட்ட எபிட்டாவை மேலே வைத்தால், கட்டும் வாடகை முழுவதையும் கீழே தவணையோடு சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் விகிதம் பொய் சொல்லும்.

மாவு நிறுவனத்தின் முதலாளி ஆறாண்டுக் கடனுக்கு மாறத் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் மேற்கொண்டு கட்டவேண்டிய வட்டி சுமார் 92,000, ஆறாண்டு ஏற்பாட்டில் 193,000. ஒரு லட்சம் வெள்ளி கூடுதல். இது சின்ன விலை அல்ல என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த விலைக்கு அவர் வாங்கியது, எபிட்டா 600,000-இலிருந்து 15 விழுக்காடு சரிந்தாலும், வரி குறைவதையும் கணக்கில் சேர்த்தால், விகிதம் 1.25-ஐ ஒட்டியே நிற்கும் நிலை. ஒரு பேரங்காடி ஒப்பந்தம் கைநழுவினால் அந்த அளவு சரிவு சாதாரணமாக வரும்.

கடைசியில் அபராதமில்லாமல் முன்கூட்டி அடைக்கலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். உங்கள் அண்ணனும் அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது வட்டிக் கணக்கோடு, ஒவ்வொரு கடனின் மீதி அசல், மாதத் தவணை, முடியும் மாதம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். டிஎஸ்சிஆரின் மேல்பகுதியில் வரியையும் அத்தியாவசியச் செலவையும் பாக்கியில் முடங்கும் பணத்தையும் கழிக்கிறார்களா என்பதை அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளட்டும், ஏனென்றால் வங்கிக்கு வங்கி அது மாறுபடும்.