“தீபாவளி வாழ்த்துகள் பாய்!” என்றால் என்ன சொல்வது?

கேள்வி: நான் முஸ்லிம். தீபாவளிக்கு ஆபீசில் எல்லோரும் கைகொடுத்து வாழ்த்துகிறார்கள். பேசாமல் இருந்தால் தப்பாக நினைக்கிறார்கள், பதிலுக்கு வாழ்த்தினால் மார்க்கத்துக்கு முரணோ என்று உறுத்துகிறது. மரியாதையாக எப்படிப் பதில் சொல்வது?

பதில்:

“ரொம்ப நன்றிங்க. உங்களுக்கும் வீட்டுல எல்லாருக்கும் தீபாவளி நல்லபடியா அமையட்டும்.” வருடா வருடம் நான் சொல்வது இதுதான். இதில் பூஜை இல்லை, வேண்டுதல் இல்லை. எதிரில் நிற்கும் ஆளுக்கும் அவர் குடும்பத்துக்கும் நல்லது நினைக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் உறுத்தலுக்குக் காரணம் உண்டு. 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம், பிற மதச் சடங்குகளுக்காக வாழ்த்துச் சொல்வதைக் கண்டிப்பாகத் தடுத்தவர். இன்றும் பல ஆலிம்கள் அந்தக் கருத்தில்தான் இருக்கிறார்கள். நம் காலத்து யூசுஃப் அல்கர்ளாவி போன்றவர்களோ, நம்மோடு சமாதானமாக வாழ்பவர்களை வாழ்த்தலாம், சடங்கில் மட்டும் கலந்துகொள்ள வேண்டாம் என்றார்கள். நம்மோடு போரிடாதவர்களிடம் நன்மையாகவும் நீதியாகவும் நடப்பதை இறைவன் தடுக்கவில்லை என்ற குர்ஆனின் 60:8 வசனம் இவர்களுக்கு முக்கியமான ஆதாரம். இரு தரப்பில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் கேட்பது முந்திக்கொண்டு வாழ்த்துவதைப் பற்றியல்ல, வந்த வாழ்த்துக்குப் பதில் சொல்வதைப் பற்றி. உங்களுக்கு வாழ்த்துக் கூறப்பட்டால் அதைவிட அழகாகவோ, குறைந்தது அதே அளவிலோ திருப்பிச் சொல்லுங்கள் என்கிறது 4:86. எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

கண்டிப்பான கருத்தைப் பின்பற்றுபவர் என்றாலும் வழி இருக்கிறது. பண்டிகையின் பெயரை விட்டுவிட்டு அவருடைய நாளைப் பற்றிப் பேசுங்கள். ஆபீசில் வாழ்த்து பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் வரும். “நன்றி சார், பஸ் கிடைச்சுதா? பத்திரமா போயிட்டு வாங்க, அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க” என்றால் அவருக்கு மனம் நிறைந்துவிடும். நீங்கள் எந்தச் சொல்லைத் தவிர்த்தீர்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

பண்டிகையன்று காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று கேட்டால் திகைக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்றா என்று தீபாவளியன்று நலம் விசாரிக்கும் முறை அது. “எனக்கு வழக்கமான குளியல்தான் மாமா, உங்களுக்கு ஆச்சா? எத்தனை மணிக்கு எழுந்தீங்க?” என்று திருப்பிவிடுங்கள். நாலு மணிக்கே எழுந்த கதையைச் சொல்ல அவர் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

“நாங்க இதெல்லாம் கொண்டாட மாட்டோமே” என்று ஆரம்பிப்பதுதான் காரியத்தைக் கெடுப்பது. அது அவருக்கும் தெரியும், தெரிந்தேதான் வாழ்த்தினார். அவர் “ஓ, சாரி பாய்” என்று சொல்ல நேர்ந்தால் உங்கள் பதில் பிசகிவிட்டது என்று அர்த்தம். உடனே பேச்சை மாற்றுங்கள்: “அட, சாரி எதுக்கு? முறுக்கு எங்கே?”

முறுக்கு என்றதும் அடுத்த சிக்கல் வந்துவிடுகிறது. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பவர்கள் நம்மில் நிறைய. இது தெரிந்த வீடுகளில் “படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வச்சேன்” என்று சொல்லியே தட்டை நீட்டுவார்கள். அப்படிச் சொல்லாமல் கொடுத்தால் வாசலில் வைத்து விசாரணை நடத்தாதீர்கள். இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, உள்ளே கொண்டுபோங்கள். சாப்பிடுவது, யாருக்காவது கொடுப்பது எல்லாம் பிறகு உங்கள் முடிவு. நெருங்கிய வீடு என்றால் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே, வேறு பேச்சுக்கிடையில், “அக்கா, படைச்சது மட்டும் எங்க வீட்டுல வழக்கம் இல்லை, மத்ததெல்லாம் குடுங்க” என்று சொல்லிவையுங்கள். தட்டு கையில் இருக்கும்போது மறுப்பதுதான் புண்படுத்தும், முன்கூட்டிச் சொன்னதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் சர்க்கரையோ பழமோ வைத்துக் கொடுங்கள்.

வாட்ஸ்அப் இன்னும் சுலபம். லட்சுமி படம் போட்ட வாழ்த்து வந்தால் பதிலுக்குப் படம் தேட வேண்டியதில்லை, பெயர் சொல்லி இரண்டு வரி எழுதினால் அதுவே ஃபார்வர்டைவிட மேல். குரூப்பில் நூறு பேர் வாழ்த்தினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டாம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் போதும். அந்த ஒன்றையாவது போட்டுவிடுங்கள். பெருநாளன்று அதே குரூப்பில் வரிசையாக நன்றி சொல்லிவிட்டு தீபாவளிக்கு மட்டும் காணாமல் போனால் கண்ணில் படும்.